சுவரைத் தள்ளச் சொன்னால் செலவையும் சொல்லுங்கள்

புது வீட்டின் சாவியை வாங்கும் நாளில் வீட்டுக்காரரும் கட்டித் தந்தவரும் முகம் திருப்பிக்கொண்டு நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் வேலையின் தரம் அதற்குக் காரணமாக இருக்காது. கடைசி பில்லின் அடியில் இருக்கும் ஒரு வரிதான் காரணம்: ‘எக்ஸ்ட்ரா ஒர்க் – ரூ.2,40,000’. எந்த வேலை, எந்தத் தேதியில், யார் சொல்லிச் செய்தது என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. வீட்டுக்காரர் அந்தத் தொகையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, வங்கிக் கடனின் கடைசித் தவணையும் கரைந்துவிட்டது. “நல்லா ஏமாத்திட்டான்” என்கிறார் அவர். “செஞ்ச வேலைக்குக் காசு தர மனசில்ல” என்கிறார் இவர். இரண்டு பேருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புகிறார்கள். பாதி நியாயம் இரண்டு பக்கமும் இருக்கத்தான் செய்கிறது.

பேசிய வேலைக்கு மேல் வேலை வரும்போது அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்று வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய நிலை எல்லாத் தொழிலிலும் வரும். கல்யாண ஆல்பம் போடுபவருக்கும் கணக்குத் தணிக்கையாளருக்கும் அது வரும். ஆனாலும் தமிழ்நாட்டில் சதுர அடிக் கணக்கில் வீடு கட்டித் தரும் தொழிலில்தான் இதன் எல்லா முடிச்சுகளும் ஒரே இடத்தில் தெரிகின்றன. அங்கே வாடிக்கையாளர் தினமும் வேலை நடக்கும் இடத்துக்கு வருகிறார். தன் வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறார். வேலை வளர வளரத்தான் அவருக்குத் தன் வீடு கண்ணுக்குத் தெரிகிறது. தாளில் பார்த்த சமையலறை செங்கலாக எழுந்து நிற்கும்போது “இவ்வளவு சின்னதா?” என்று தோன்றுவது அவர் குற்றமல்ல. வரைபடத்தைப் படித்து அறையின் அளவை மனத்தில் பார்க்கும் பழக்கம் பொறியாளருக்கு உண்டு. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அது எப்படி வரும்?

முதலில் சதுர அடி விலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ‘சதுர அடிக்கு 2,400 ரூபாய்’ என்று பேசி முடிக்கும்போது வீட்டுக்காரர் மனத்தில் ஒரு முழு வீடு இருக்கிறது. வாசல் கேட்டும் சுற்றுச்சுவரும் அதில் உண்டு. தண்ணீர்த் தொட்டியும், கழிவுநீர்த் தொட்டியும், மாடிப்படிக்கு மேல் கூரை அறையும், மின் இணைப்புக் கட்டணமும்கூட உண்டு. கட்டுபவர் மனத்தில் இருப்பதோ அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரையிலான கட்டடம் மட்டும். சம்ப், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், முகப்பு அலங்காரம், வரைபட அனுமதிச் செலவு ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலைக்கு வெளியேதான் இருக்கும். சிட்அவுட்டை முழு அளவாகக் கணக்கிடுவதா பாதியாகக் கணக்கிடுவதா என்பதற்குக்கூட ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது.

யாரும் கேட்காமல் மண்ணே கேட்கும் கூடுதல் வேலையும் உண்டு. அஸ்திவாரம் 5 அடி ஆழம் என்று பேசியிருப்பார்கள். வானம் தோண்டினால் 5 அடியிலும் கரிசல் மண்ணே வரும், உறுதியான மண் 8 அடியில்தான் தட்டுப்படும். மூன்றடி ஆழம் கூடினால் தோண்டும் கூலியோடு நிற்காது. தூணின் நீளம் கூடும், கம்பி கூடும், காங்கிரீட் கூடும், திரும்ப நிரப்பும் மண்ணும் கூடும். இதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் பொறியாளர் அன்று குழிக்குள் டேப்பை வைத்துப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பேசுவார். எழுதாதவர் குழியை மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பேசுவார். மூடிய குழியின் ஆழத்தை யாராலும் நிரூபிக்க முடியாது.

ஆகவே ‘என்னென்ன உண்டு’ என்று எழுதும் பக்கத்தைவிட ‘என்னென்ன இல்லை’ என்று எழுதும் பக்கம்தான் முக்கியமானது. உள்ளதை எல்லோரும் எழுதுகிறார்கள்: இன்ன கம்பெனி சிமென்ட், இன்ன கம்பி, தேக்கு நிலைக்கதவு, இத்தனை ஸ்விட்ச் பாயின்ட். இல்லாததை எழுதினால் வாடிக்கையாளர் பயந்து வேறு ஆளிடம் போய்விடுவார் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. இல்லாதவற்றைப் பட்டியலிட்டவரின் 2,400 ரூபாய் அதிகமாகவும், பட்டியலிடாதவரின் 2,300 ரூபாய் மலிவாகவும் தெரியும். பின்னால் வரும் சண்டையின் விதை அங்கேதான் ஊன்றப்படுகிறது.

ஒப்பந்தம் சரியாக இருந்தாலும் கூடுதல் வேலையைப் பற்றி வாயைத் திறப்பது எளிதல்ல. பொறியாளர் தம்பி முப்பது வயதுக்காரர், வீட்டுக்காரர் அப்பா வயதுக்காரர். காலையில் மனைக்கு வந்தால் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து தருபவரிடம், “அந்த ஷெல்ஃபுக்கு மூவாயிரம் ஆகும் சார்” என்று எப்படிச் சொல்வது? சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறார். இப்படித் தள்ளியவை பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் அவற்றை ஒன்றாகக் கூட்டிக் கடைசியில் நீட்டுகிறார். ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தால் பன்னிரண்டில் ஏழுக்கு வீட்டுக்காரர் சரி என்றிருப்பார், மற்ற ஐந்தை வேண்டாம் என்று விட்டிருப்பார். கடைசியில் சொல்வதால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடமிருந்து பறிபோகிறது. அவருக்கு வரும் கோபத்தின் வேர் பணத்தைவிட இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கட்டுபவருக்கும் இதில் நட்டம்தான். பணம் கட்டம் கட்டமாக வரும் தொழில் இது. முன்பணம், பேஸ்மென்ட், லிண்டல், கூரை காங்கிரீட், பூச்சு, தரை, சாவி என்று தவணைகள் உண்டு. கூரை காங்கிரீட் போடும் முன் வீட்டுக்காரருக்குக் கட்டுபவர் தேவை. சாவி கைமாறும் நாளில் அந்தத் தேவை முடிந்துவிடுகிறது. அதுவரை பேசாதிருந்த தொகையை அன்று கேட்டால், அதற்காகக் கடைசித் தவணையையும் சேர்த்து நிறுத்திவைத்துவிடுவார்கள்.

சரியாகச் சொல்வது எப்படி என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும், இங்கே விளக்கத்துக்காக வைத்துக்கொள்கிறேன். 1,100 சதுர அடி வீடு, சதுர அடி 2,400 ரூபாய், ஆக மொத்தம் 26,40,000 ரூபாய். சுவர்கள் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது 7 அடிக்கு எழுந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் மகள் வந்து பார்க்கிறாள். திங்கட்கிழமை காலை வீட்டுக்காரர் கேட்கிறார்.

“தம்பி, அந்த கிச்சன் சுவரை ஒரு ரெண்டு அடி ஹால் பக்கம் தள்ளிடலாமா? பொண்ணு ரொம்பச் சின்னதா இருக்குங்கிறா.”

இந்த இடத்தில் மூன்று விதமான பதில்கள் வழக்கம். “பண்ணிடலாம் சார்” என்று மட்டும் சொல்வது ஒன்று. அதற்கு இலவசம் என்றுதான் பொருள், பின்னால் எத்தனை விளக்கினாலும் அந்தப் பொருள் மாறாது. “இப்பப் போய்ச் சொல்றீங்களே, பிளான்ல கையெழுத்துப் போட்டீங்கல்ல?” என்பது இன்னொன்று. அதில் பணமும் வராது, உறவும் போகும். மூன்றாவது, “ஒரு எட்டாயிரம் பத்தாயிரம் ஆகும் சார்” என்று அந்த இடத்திலேயே வாய்க்கு வந்த தொகையைச் சொல்வது. நேர்மையான பதில்போலத் தெரிந்தாலும் மூன்றிலும் ஆபத்தானது இதுதான். கேட்டவர் மனத்தில் ‘எட்டாயிரம்’ மட்டும் நிற்கும். கணக்குப் போட்டுப் பதின்மூன்றாயிரம் என்று மறுநாள் சொன்னால் ஐயாயிரம் ஏற்றிவிட்டதாகத்தான் அவருக்குப் படும்.

அனுபவப்பட்டவர் சொல்வது இப்படி இருக்கும்: “செய்யலாம் சார். கட்டின சுவரை இடிச்சுத் திரும்பக் கட்டணும், அதனால இதுக்குத் தனியா செலவு ஆகும். எவ்வளவு, எத்தனை நாள்னு சாயங்காலம் கணக்குப் போட்டு அனுப்புறேன். பார்த்துட்டு சரின்னு சொன்னீங்கன்னா நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் வேலையை நிறுத்தி வைக்கிறேன்.”

இந்தப் பேச்சில் முடியாது என்ற சொல்லே இல்லை. ஆனால் செலவு உண்டு என்பது முதல் பத்து வினாடிக்குள் வந்துவிட்டது. தொகை வரவில்லை, வரும் என்ற உறுதி வந்திருக்கிறது. எந்தக் காரணத்தால் இது தனி வேலை என்பதும் ஐந்தே சொற்களில் வந்துவிட்டது. வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் மகளோடு பேச ஒரு மாலைப் பொழுதும் கிடைக்கிறது.

இப்போது கணக்கு. சுவர் அரைக்கல் சுவர், அதாவது நாலரை அங்குலம். 10 அடி நீளம், 7 அடி உயரம், ஆக 70 சதுர அடி. அதற்கு மேலுள்ள மூன்றடியைப் புது இடத்தில் கட்டுவது பழைய ஒப்பந்தத்துக்குள்ளேயே வரும், அதைக் கூடுதலில் சேர்க்கக் கூடாது. இடிக்க இரண்டு ஆள், ஒரு நாள், 1,800 ரூபாய். இடிந்த கல்லை அள்ளிப்போக டிராக்டர் ஒரு நடை 1,500. திரும்பக் கட்டச் சுமார் 350 செங்கல் வேண்டும். சிமென்ட் கலவையில் ஒட்டிய கல்லைப் பிரித்தால் நூறுதான் முழுசாகத் தேறும் என்று வைத்தால், புதிதாக 250 கல், கல் 11 ரூபாய் வீதம் 2,750. சிமென்ட் இரண்டு மூட்டை 800, எம்-சாண்ட் 450. கொத்தனார் 1,200, சித்தாள் 800.

இதுவரைக்கும் வீட்டுக்காரரே ஊகித்துவிடுவார். அவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தரைக்கு அடியில் இருக்கிறது. பழைய சுவர் நின்ற இடத்தில் அதைத் தாங்க அடியில் ஏற்பாடு இருந்தது. இரண்டு அடி தள்ளினால் புதுச் சுவரின் கீழே நிரப்பிய மண்தான் இருக்கும். அதன் மேல் அப்படியே சுவரை ஏற்றினால் இரண்டு மழைக்காலத்துக்குள் மண் அமுங்கிச் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். ஆகவே 10 அடி நீளத்துக்கு மண்ணைக் கிட்டித்து, கம்பி வைத்து, அரையடி கனத்தில் காங்கிரீட் படுகை போடவேண்டும். அதற்கு 2,500 ரூபாய். எல்லாம் சேர்ந்தால் 11,800. மேற்பார்வைக்கும் லாபத்துக்கும் 15 சதவீதம் 1,770. மொத்தம் 13,570 ரூபாய். படுகை இறுக வேண்டும் என்பதால் நான்கு நாள் தள்ளிப்போகும். இதே மாற்றம் பூச்சும் தரையும் முடிந்தபிறகு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடலாம். சுவருக்குள் ஓடும் மின் குழாய், இரண்டு பக்கப் பூச்சு, பெயர்த்த தரை ஓடு எல்லாம் சேரும். தொகை பல மடங்காகும்.

மாலையில் வாட்ஸ்அப்பில் போகும் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

‘சார் வணக்கம். இன்று காலை நீங்கள் கேட்ட மாற்றம்: சமையலறைச் சுவரை 2 அடி ஹால் பக்கம் தள்ளுவது. இது நாம் கையெழுத்திட்ட வரைபடத்தில் இல்லாத வேலை. இடிப்பது, அள்ளுவது, புதுச் சுவருக்கு அடியில் கம்பி போட்ட காங்கிரீட், திரும்பக் கட்டுவது எல்லாம் சேர்த்து ரூ.13,570. விவரத் தாளை இணைத்திருக்கிறேன். 4 நாள் கூடுதலாகும். இந்தத் தொகையை லிண்டல் தவணையோடு தரவேண்டும். வியாழக்கிழமை லிண்டலுக்கு சென்ட்ரிங் அடிக்கிறோம். அதற்குப் பிறகு மாற்றினால் செலவு கூடும். புதன் மாலைக்குள் ‘சரி’ என்று பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பழைய வரைபடப்படியே தொடர்கிறேன்.’

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. பதில் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் இந்தத் தொழிலில் அன்றாடம் வரும் சிக்கல். செய்தியைப் பார்த்துவிட்டு, “பேசிக்கலாம் தம்பி” என்று வீட்டுக்காரர் சும்மா இருந்துவிடுவார். வேலையாட்கள் காத்திருப்பார்கள். பொறியாளர், சரி என்றுதான் அர்த்தம் என்று தானே முடிவுசெய்து சுவரை இடிப்பார். பிறகு, “நான் எப்ப சரின்னு சொன்னேன்?” என்ற கேள்வி வரும். மௌனம் என்றால் பழைய வரைபடம் என்று முன்பே எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

தவணையைப் பற்றிய வரியும் அதே அளவு முக்கியம். கூடுதல் தொகை அடுத்து வரும் கட்டத் தவணையோடு சேர்ந்து வரவேண்டும். பொருள் வாங்கவேண்டிய பெரிய மாற்றமாக இருந்தால் பொருளுக்கான பணம் முன்னதாகவே வரவேண்டும். இப்படி ஒவ்வொன்றும் அந்தந்த மாதமே தீர்ந்துவிட்டால் கடைசி பில்லில் எக்ஸ்ட்ரா என்ற வரியே இருக்காது.

செய்தி போனபிறகு பதில் பேரமாக வரும். “ரெண்டு அடி தள்றதுக்குப் பதிமூணாயிரமா?” என்பார். அப்போது தொகையைக் குறைக்க அவசரப்படாமல் தாளைத் திறந்து காட்டுவதே நல்லது. காங்கிரீட் படுகை ஏன் என்பதை மனைக்கே கூட்டிப்போய்த் தரையைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். அப்படியும் கூடுதலாகப் படுகிறது என்றால், விலையைக் குறைக்கத் தேவையில்லை, வேலையைக் குறைக்க வழி காட்டலாம். “சுவரைத் தொடவேண்டாம் சார். மேடையை ‘எல்’ வடிவத்துக்குப் பதிலா ஒரே பக்கமா போட்டா நடுவுல இடம் கிடைக்கும். அதுக்குக் கூடுதல் எதுவும் இல்ல.” மகளுக்கு வேண்டியது பெரிய சமையலறையா, நகர இடமா என்று கேட்டுப் பார்த்தால் பாதி நேரம் இரண்டாவதாகத்தான் இருக்கும். காரணம் சொல்லாமல் பதின்மூன்றாயிரத்தை ஒன்பதாயிரமாக்கினால், முதலில் சொன்னது பொய்க் கணக்கு என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

பொருளின் தரம் மாறும்போது கணக்கு வேறு விதம். தரை ஓடு சதுர அடிக்கு 60 ரூபாய் வரை என்று ஒப்பந்தம் சொல்கிறது. கடைக்குப் போன குடும்பம் 95 ரூபாய் ஓட்டைப் பார்த்து மயங்கி வருகிறது. இங்கே வித்தியாசமான 35 ரூபாயை மட்டும்தான் கேட்கவேண்டும். சேதாரத்தோடு 850 சதுர அடி வாங்கினால் 29,750 ரூபாய். ஓடு நாலுக்கு இரண்டு அடி அளவாக இருந்தால் பதிக்கும் கூலியும் கூடும். 800 சதுர அடித் தரைக்கு எட்டு ரூபாய் வீதம் 6,400 என்று வைத்தால், மொத்தம் 36,150. ஆனால் முழு 95 ரூபாயையும் எக்ஸ்ட்ராவில் போட்டு, ஏற்கெனவே விலைக்குள் இருக்கும் 60 ரூபாயைக் கழிக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பார்க்கவேண்டிய இடம் இது.

கூடுதலைக் கேட்பவர் குறைந்ததையும் தானாகச் சொல்லவேண்டும். படுக்கையறையில் ஒரு லாஃப்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், அதன் மதிப்பு 3,000 ரூபாய் என்றால் அதே தாளில் கழித்தல் குறியோடு அது வரவேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த வீட்டின் மாற்றக் கணக்கு 13,570 கூட்டல் 36,150 கழித்தல் 3,000, ஆக 46,720 ரூபாய். யாரும் கேட்காமலே கழிக்கப்பட்ட அந்த மூவாயிரம்தான் மற்ற இரண்டு தொகைகளையும் நம்பவைக்கிறது.

எதற்கெல்லாம் கேட்கக் கூடாது என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. வரைபடத்தில் இருந்ததைத் தவறாகக் கட்டிவிட்டுத் திருத்துவது கூடுதல் வேலை அல்ல. குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்குகிறது, திரும்ப வாட்டம் எடுக்கவேண்டும் என்றால் அது கட்டியவர் செலவு. பேசிய வேலையை முடிக்க இயல்பாகத் தேவைப்படுவதும் அதற்குள்ளேயே அடக்கம். கதவு மாட்டினேன், கீல் தனி என்று யாரும் சொல்ல முடியாது.

சின்னச் சின்ன உதவிகளுக்கும் காசு கேட்டால் பேச்சு கசந்துபோகும். ஒரு ஸ்விட்ச் பாயின்டை இடம் மாற்றுவது, பூஜை மாடத்துக்கு ஒரு பலகை போடுவது போன்றவற்றைப் பலரும் இலவசமாகவே செய்கிறார்கள். அதில் எனக்கு ஒரே ஒரு யோசனை உண்டு. இலவசமாகச் செய்ததையும் அதே மாற்றத் தாளில் எழுதுங்கள்: ‘ஸ்விட்ச் பாயின்ட் இடமாற்றம் – ரூ.650, கட்டணம் இல்லை’. எழுதாத இலவசம் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அது அடுத்த இலவசத்துக்கு முன்மாதிரியாகவும் ஆகிவிடுகிறது. எழுதினால், ஆறாவது வேலைக்குக் கட்டணம் சொல்லும்போது முந்தைய ஐந்தும் அதே தாளில் சாட்சி சொல்லும்.

இத்தனை ஒழுங்கையும் ஒரே நாளில் உடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. பொறியாளர் வேறு மனைக்குப் போயிருக்கும் பதினொரு மணிக்கு வீட்டுக்கார அம்மா வருகிறார். “மேஸ்திரி, அப்படியே இந்த ஜன்னலுக்கு மேல ஒரு சன்ஷேடு நீட்டிவிட்டுடுங்க” என்கிறார். மேஸ்திரி நல்ல மனிதர், நீட்டிவிடுகிறார். கம்பியும் காங்கிரீட்டும் போனது யாருக்கும் தெரியாது. மாதக் கணக்குப் பார்க்கும்போது சிமென்ட் ஏன் எட்டு மூட்டை கூடியது என்று பொறியாளர் மண்டையை உடைத்துக்கொள்வார். மேஸ்திரிக்குச் சொல்லிவைக்கவேண்டிய பதில் ஒன்றே: “இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, அவர் சொன்னா இன்னிக்கே போட்டுத் தர்றேன்.” அதேபோல வீட்டுப் பக்கத்திலிருந்து மாற்றம் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கவேண்டும். அப்பா ஒன்று, மகன் ஒன்று, மைத்துனர் ஒன்று என்று சொல்லும் வீட்டில், யார் சொன்னதற்கு யார் பணம் தருவது என்பது பெரிய வழக்காகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்காக முறையாக ஒரு வேலையைச் செய்கிறார், இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, அந்த வேலையின் பயனை மற்றவர் அனுபவிக்கிறார் என்றால், பயன் பெற்றவர் ஈடு தரவேண்டும் என்பது அதன் சாரம். இதை நாடறியச் செய்த வழக்கும் கூடுதல் கட்டட வேலையைப் பற்றியதுதான். 1944இல் வங்காளத்தின் ஆராம்பாக்கில் குடிமைப் பொருள் துறைக்காகக் கிடங்குகள் கட்டிய பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்திடம், அதிகாரிகள் கூடவே மண் சாலை, காவலர் அறை, அலுவலகம், சமையலறை, எழுத்தர்களுக்கான அறை ஆகியவற்றையும் கட்டச் சொன்னார்கள். கானாகுல் என்ற ஊரிலும் கிடங்குக் கொட்டகை போடச் சொன்னார்கள். நிறுவனம் கட்டித் தந்தது, துறை பயன்படுத்தியது. பணம் கேட்டபோது, முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்று அரசு மறுத்தது. உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில் 70ஆவது பிரிவைக் காட்டி நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கேட்ட தொகை 19,325 ரூபாய். வேலை முடிந்து தீர்ப்பு வரப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் தீர்ப்பை நம்பி எழுதாமல் வேலை செய்யலாம் என்று யாராவது நினைத்தால், அந்தப் பதினேழு ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். இலவசம் என்று எண்ணிச் செய்யவில்லை என்பதையும் காட்டவேண்டியிருக்கும். அதற்கு நல்ல ஆதாரம் வேலைக்கு முன் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்திதான், அதை அழித்துவிடக் கூடாது. இன்னொன்று, விலை ஏறியது வேறு, வேலை கூடியது வேறு. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் முகவர்களாக இருந்த அலோபி பர்ஷாத் அண்ட் சன்ஸ், போர்க்காலத்தில் நிலைமை மாறிவிட்டதால் ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் கூடுதல் வேண்டும் என்று கேட்டபோது 1960இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒத்துக்கொண்ட விலைக்கு ஒத்துக்கொண்ட வேலையைச் செய்தே ஆகவேண்டும். சிமென்ட் மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏறியதை எக்ஸ்ட்ரா ஒர்க்கில் நுழைப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். விலையேற்றத்துக்கு ஈடு வேண்டுமானால் அதை ஒப்பந்தத்திலேயே தனி விதியாக எழுதியிருக்கவேண்டும்.

அரசு வேலைகளில் இதற்குக் காலக்கெடுவே உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த விதிகளின்படி, பட்டியலில் இல்லாத புது வேலை வந்தால் ஒப்பந்ததாரர் 15 நாளுக்குள் அதற்கான விலையை, எப்படி வந்தது என்ற பகுப்பாய்வோடு கேட்கலாம். பொறியாளர் அதைச் சந்தை விலையோடு ஒப்பிட்டு முடிவுசெய்வார். தனியார் வீட்டு வேலையில் பதினைந்து நாள்கூட நீளம்தான். கேட்ட அன்று மாலையே கணக்கைச் சொல்லிவிடவேண்டும்.

ஏற்கெனவே சொல்லாமல் செய்துவிட்ட வேலைகள் இருந்தால்? வீடு பாதியில் இருக்கும்போதே இதுவரை ஆனவற்றைத் தேதியோடும் அளவோடும் எழுதி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசிவிடவேண்டும். முன்பே சொல்லாமல் விட்டதால் முழுத் தொகை கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்தப் பேச்சுக்குப் போகவேண்டும். பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியையும் லாபத்தையும் விட்டுக்கொடுப்பது நியாயமான முடிவாக எனக்குப் படுகிறது. அன்று முதல் புது மாற்றங்களுக்குத் தாள் இல்லாமல் கை வைப்பதில்லை என்றும் அப்போதே சொல்லிவிடலாம்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு பக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். சதுர அடி விலைக்குள் என்னென்ன இல்லை என்பது ஒரு பக்கம். பிறகு வேலை கூடினால் சுவருக்கு, லாஃப்டுக்கு, ஸ்விட்ச் பாயின்டுக்கு, ஆழத்தில் கூடும் ஒவ்வோர் அடிக்கும் என்ன விலை என்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டு பக்கங்களையும் தர மறுப்பவரிடம் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.